கொல்லன் திருடன் என்பது நமக்குத் தெரியும்

ஆயர் குடியிருப்பிலிருந்து மதுரைக் கடைத்தெருவுக்குக் கோவலன் நடந்து போகிறான். அவனிடம் இருப்பது மனைவியின் ஒற்றைச் சிலம்பு. அதை விற்று வரும் பணத்தை முதலாகப் போட்டு வணிகம் செய்து, இழந்ததை எல்லாம் மீட்டுவிடலாம் என்பது அவன் கணக்கு. வழியில் திமில் பருத்த காளை ஒன்று எதிரே பாய்ந்து வருகிறது. ஆயர்கள் அதைத் தீய சகுனமாகக் கொள்வார்கள். கோவலன் வணிகர் குலத்தில் பிறந்தவன், அவனுக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரியவில்லை என்பதை இளங்கோவடிகள் நம்மிடம் சொல்லிவிட்டு, அவனைத் தொடர்ந்து நடக்க விடுகிறார்.

கதைக்குள் இருப்பவருக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரிந்திருக்கும்போது, அந்தப் பாத்திரம் செய்கிற ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு பொருள் வந்துவிடுகிறது. அவர் நினைக்கிற பொருள் ஒன்று, நமக்குப் புரிகிற பொருள் இன்னொன்று. இதை நாடக முரண் என்கிறார்கள். கிரேக்கத்தில் சோஃபக்ளீஸின் ஈடிபஸ் நாடகத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு அந்தக் கதை முன்பே தெரியும். முந்தைய மன்னனைக் கொன்றவனைத் தேடிப் பிடிப்பேன் என்று ஈடிபஸ் சூளுரைக்கும்போதே, தேடுகிறவனும் தேடப்படுகிறவனும் ஒருவன்தான் என்று அவர்கள் அறிவார்கள்.

திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னார். சிலர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் வெடிகுண்டு. பார்வையாளருக்கு அது தெரியாவிட்டால், வெடிக்கும்போது பதினைந்து நொடி அதிர்ச்சி கிடைக்கும், அவ்வளவுதான். குண்டு இருப்பதும் அது ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதும் முன்கூட்டியே தெரிந்தால், அதே அரட்டையைப் பதினைந்து நிமிடம் பதைப்போடு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த விளக்கம் சரியானது. எழுத உட்காருகிறவருக்கு இது மட்டும் போதாது. குண்டு எங்கே இருக்கிறது என்று வாசகரிடம் சொல்வது எளிது. மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஏன் எழுந்து போகவில்லை, அவர்கள் பேசுவதை நாம் ஏன் கேட்க வேண்டும், தெரிந்த முடிவை நோக்கி நூறு பக்கம் ஏன் படிக்க வேண்டும் என்பவைதான் கடினமான கேள்விகள். இவற்றுக்கு இளங்கோ தரும் விடையைவிடத் தெளிவான விடையை நான் படித்ததில்லை.

ரகசியத்தை அவர் எப்போது நம்மிடம் தருகிறார் என்று முதலில் பார்க்கலாம். சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் பதிகத்திலேயே முழுக் கதையும் சுருக்கமாக வந்துவிடுகிறது. சாத்தனார் இளங்கோவிடம் சொல்லும் அந்தப் பகுதியில், அரசியின் சிலம்பை முன்பே எடுத்துக்கொண்டவன் பொற்கொல்லன் என்பதும், அவன் பழியைக் கோவலன் மேல் போட்டான் என்பதும், கோவலன் கொல்லப்பட்டான் என்பதும் உண்டு. பதிகம் பின்னால் சேர்க்கப்பட்டது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அதைத் தள்ளிவைத்துப் படித்தாலும், கனாத்திறம் உரைத்த காதை வருமுன் யாரும் தப்ப முடியாது. அங்கே கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் ஒரு கனவைச் சொல்கிறாள். கணவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய நகருக்குப் போகிறோம், அங்கே பொருந்தாத பழி ஒன்றை ஊரார் எங்கள் மேல் போடுகிறார்கள், கோவலனுக்குத் தீங்கு நேர்கிறது, நான் அரசன் முன் வழக்குரைக்கிறேன், அரசனுக்கும் ஊருக்கும் கேடு வருகிறது என்கிறாள்.

அந்தக் கனவைச் சொல்லி முடித்த சற்று நேரத்தில் கோவலன் வீடு திரும்புகிறான். குலம் தந்த பொருளை எல்லாம் தொலைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்கிறான். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல் வருந்துகிறான் போலும் என்று நினைத்துக்கொண்டு, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் கண்ணகி. அந்தச் சிலம்பையே முதலாகக் கொண்டு மதுரைக்குப் போவோம் என்று அவன் முடிவெடுக்கிறான். விடியுமுன் இருவரும் புறப்பட்டுவிடுகிறார்கள். கனவு, சிலம்பு, பயணம் மூன்றும் ஒரே காதையில் அடுத்தடுத்து வருகின்றன. சிலம்பை எடுத்து நீட்டும் அன்பான கைதான் கேட்டின் தொடக்கம் என்பது அங்கே நமக்குப் புரிந்துவிடுகிறது. கொடுக்கிறவளுக்குப் புரியவில்லை.

கொலை நடப்பதோ பதினாறாம் காதையில். கனவுக்கும் கொலைக்கும் நடுவில் காவிரிக்கரைச் சோலைகள், காடு, வேட்டுவர் வழிபாடு, மதுரைப் புறஞ்சேரி, நகர வீதிகள் என்று நெடுந்தூரம் கிடக்கிறது. வெறும் பயணக் குறிப்பாகப் போயிருக்கக்கூடிய இந்த இடைவெளியில், நமக்குத் தெரிந்த ரகசியம் அடிநாதமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. ரகசியத்தை முன்னால் சொல்வதால் எழுத்தாளருக்குக் கிடைக்கும் ஆதாயம் இதுதான். அமைதியான பகுதிகளுக்கெல்லாம் கனம் வந்துவிடுகிறது.

ஆனால் வாசகர் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இளங்கோ இதற்கு மனிதர்களைப் பயன்படுத்துவதில்லை. மதுரையை நெருங்கும்போது வையை ஆறு மலர்களைப் போர்த்திக்கொண்டு, கண்ணகிக்கு வரப்போவதை அறிந்தவள்போலத் தன் கண்ணீரை மறைத்து ஓடுகிறது. அகழியில் பூத்த குவளையும் ஆம்பலும் தாமரையும் அழுவதுபோல நிற்கின்றன. கோட்டை மதிலின் கொடிகள் அவர்களை வரவேண்டாம் என்று கை காட்டி மறிப்பதுபோல அசைகின்றன. அங்கே ஆறும் பூவும் கொடியும் அறிந்தவைபோல நடக்கின்றன, நடந்து போகிற இருவர் மட்டும் அறியவில்லை. காட்சியைப் பார்த்து, நல்ல பூக்கள், அழகான கொடிகள் என்று அவர்கள் கடந்து போயிருக்கலாம். குறிப்பு நமக்கு மட்டும் வந்து சேர்கிறது. ஒரு கிழவரை நிறுத்தி, போகாதே என்று சொல்ல வைத்திருந்தால் கோவலன் கேட்காதவன், பிடிவாதக்காரன் என்று ஆகியிருப்பான்.

இங்கேதான் இந்த உத்தி பெரும்பாலும் கெட்டுப்போகிறது. உண்மை தெரியாத பாத்திரம் முட்டாளாகத் தெரிந்தால் வாசகரின் பதைப்பு எரிச்சலாக மாறிவிடும். அறியாமைக்கு நேர்மையான காரணம் வேண்டும். நம் தொலைக்காட்சித் தொடர்கள் பலவற்றில் ஒரு ரகசியம் மாதக்கணக்கில் இழுக்கப்படுவதைப் பார்க்கிறோம். ஒரே ஒரு வாக்கியம் பேசினால் தீர்ந்துவிடும் சிக்கல் அது. அந்த வாக்கியத்தைச் சொல்ல வாயெடுக்கும்போது தொலைபேசி மணி அடிக்கும், யாராவது கதவைத் தட்டுவார்கள், சொல்ல வந்தவர் மயங்கி விழுவார். கதாபாத்திரத்திடம் காரணம் இல்லாததால் கதாசிரியர் வெளியிலிருந்து தடை போடுகிறார். பார்ப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது.

கோவலன் ஏன் அந்தக் கொல்லனை நம்பினான்? கடைத்தெருவில் அவன் கண்டது நூறு பொற்கொல்லர்கள் பின்தொடர, சட்டை அணிந்து, கையில் தொழிற்கருவியோடு வரும் ஒருவனை. அரசனால் பெயரும் சிறப்பும் பெற்ற கொல்லனாகத்தான் இவன் இருக்க வேண்டும் என்று கோவலன் எண்ணினான். அது தவறான ஊகம் அல்ல. விலை உயர்ந்த நகையை விற்க வந்த வெளியூர் வணிகன் யாரை அணுக வேண்டுமோ அவரையே அவன் அணுகினான். அரசன் தேவியின் காலுக்குத் தகுந்த அணி ஒன்று இருக்கிறது, விலை மதிக்க முடியுமா என்று அவன் கேட்கிறான். பெருமையோடு கேட்கப்பட்ட அந்தக் கேள்வியே கொல்லனுக்குத் தேவையான எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிடுகிறது. விற்பவன் பொருளை உயர்த்திப் பேசுவது வணிக வழக்கம். கோவலனின் தொழில் அறிவுதான் அவனை வீழ்த்துகிறது.

அரசனுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆடல் மகளிரைப் பார்த்து அவன் மனம் மயங்கியது கண்டு அரசி ஊடல் கொண்டு, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அவன் விரைந்து போகும் வழியில் கொல்லன் குறுக்கிடுகிறான். சினந்த மனைவியின் சிலம்பு கிடைத்துவிட்டது என்ற செய்தி அந்த நொடியில் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? விசாரிக்கவில்லை. அந்தச் சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று கொண்டு வாருங்கள் என்று காவலரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். கொடுங்கோலன் ஒருவன் செய்த அநீதியாக இளங்கோ இதை எழுதவில்லை. அவசரத்தில் இருந்த ஒரு கணவன் செய்த பிழையாக எழுதினார். அதனால்தான் பின்னால் அவன் அரியணையிலிருந்து சாயும்போது அவனுக்காகவும் மனம் வலிக்கிறது.

அன்பு கொண்டவர்களும் அறியாமல் தள்ளிவிடுகிறார்கள். தன் தீக்கனவைக் கோவலன் மாடல மறையோனிடம் சொல்கிறான், அது விரைவில் பலிக்கும் என்றுகூட அஞ்சுகிறான். துறவிகள் தங்கும் புறஞ்சேரியில் நீ இருக்க வேண்டாம், பொழுது சாய்வதற்குள் நகருக்குள் போ என்று மாடலனும் கவுந்தியடிகளும் நல்ல எண்ணத்தோடு அறிவுரை சொல்கிறார்கள். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு ஆபத்தின் அருகில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இனி அந்த உணவுக் காட்சி. மாதரி வீட்டில் கண்ணகி தன் கையால் சமைக்கிறாள். பழகாத வேலை, விரல்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது. பனையோலைத் தடுக்கில் கோவலனை உட்காரவைத்து, வாழை இலை விரித்துப் பரிமாறுகிறாள். உண்டு முடித்த பின் கோவலன் தன் பிழைகளைச் சொல்லி வருந்துகிறான். பெற்றோரைத் தவிக்கவிட்டேன், உன்னை இந்தக் காட்டு வழியில் நடக்கவைத்தேன், ஏன் மறுப்புச் சொல்லாமல் வந்தாய் என்கிறான். அவள் தன் வாழ்வில் முதன்முறையாக நேராகப் பதில் சொல்கிறாள். நீங்கள் செய்தது சான்றோர் விரும்பாத ஒழுக்கம், அறவோர்க்கும் விருந்தினர்க்கும் செய்ய வேண்டிய கடமைகளை எல்லாம் நான் இழந்து நின்றேன், உங்கள் பெற்றோர் முன் என் துயரை மறைத்துச் சிரித்தேன், அது அவர்களை இன்னும் வருத்தியது என்கிறாள்.

இந்தக் காட்சியில் ரகசியத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அச்சுறுத்தும் குறிப்பும் இல்லை. ஒரு கணவனும் மனைவியும் பல ஆண்டுகளுக்குப் பிறகு மனம் திறந்து பேசுகிறார்கள். கோவலன் இறக்கப் போகிறான் என்பது தெரியாத ஒருவர் இதைப் படித்தாலும் இது நல்ல காட்சியாகவே இருக்கும். தெரிந்தவருக்கோ, அவர்கள் சேர்ந்த அந்த முதல் வேளைதான் கடைசி வேளை. எழுதுகிறவர்கள் தங்கள் காட்சியைச் சோதிக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. வாசகருக்குத் தெரிந்த ரகசியத்தை ஒரு கணம் நீக்கிவிட்டுக் காட்சியைப் படித்துப் பாருங்கள். காட்சி தன்னளவில் நிற்க வேண்டும். ரகசியத்தின் மேல் மட்டுமே சாய்ந்து நிற்கும் காட்சி, அதை நீக்கியதும் வெறும் பேச்சாகச் சுருங்கிவிடும். ரகசியத்தோடு படித்தபோதும் அது உண்மையில் வெறும் பேச்சாகத்தான் இருந்திருக்கும்.

அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் கோவலன் ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். கொல்லன் அவனை ஓரிடத்தில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, தான் திருடிய செய்தி வெளியாவதற்குள் இந்தப் புதியவனைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்று தனக்குள் திட்டமிடுகிறான். காவலரை அழைத்து வந்து, சிலம்பைப் பார்க்க வந்தவர்கள் இவர்கள் என்று கோவலனிடம் சொல்கிறான்.

இங்கே இளங்கோ செய்யும் ஒன்றைப் பலர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். முடிவு நமக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருந்தும் அந்த முடிவு மாறிவிடுமோ என்ற ஆசையை நமக்குள் கிளப்பிவிடுகிறார். காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொல்லத்தக்கவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். ஊர் காப்பது அவர்கள் தொழில், திருடனை அடையாளம் காணப் பழகிய கண்கள். அவர்களுக்குச் சரியாகவே தெரிகிறது. நாம் மூச்சுவிடுகிறோம்.

கொல்லன் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்களுக்குத் துணையானவை எட்டு இருக்கின்றன என்று களவு நூல் பாடமே நடத்துகிறான். வேடமிட்டு அரண்மனைக்குள் புகுந்த திருடனின் கதையைச் சொல்கிறான். இளம் காவலன் ஒருவன், மழை இரவில் தன் கையிலிருந்த வாளையே பறித்துக்கொண்டு மறைந்த திருடனைப் பற்றித் தன் அனுபவத்தைச் சொல்கிறான். தயக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அச்சமாக மாறுகிறது. அரசன் நம்மைத் தண்டிப்பானே, என்ன செய்யலாம், சொல்லுங்கள் என்று அந்த இளைஞன் கேட்டு முடிக்கையில், கள்ளுண்ட ஒரு கல்லாதவன் எதுவும் பேசாமல் வாளை வீசிவிடுகிறான்.

இந்த உரையாடல் முழுவதிலும் கோவலனுக்குப் பேச்சு இல்லை. தன்மேல் என்ன பழி விழுந்திருக்கிறது என்று அவன் உணர்ந்ததாக ஒரு சொல்கூட இல்லை. நமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாமலே அவன் போய்விடுகிறான். ஈடிபஸ் உண்மையை அறிந்து தன் கண்களைக் குத்திக்கொண்டான், கோவலனுக்கு அந்த அறிவுகூடக் கிடைக்கவில்லை. எல்லோரும் உண்மையை உணரும் ஒரு கட்டம் வந்தே தீர வேண்டும் என்று கதை எழுதக் கற்றுத்தருபவர்கள் சொல்வார்கள். வர வேண்டியதுதான். யாருக்கு வர வேண்டும் என்பதை எழுத்தாளர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இளங்கோ அதைக் கண்ணகிக்கும் பாண்டியனுக்கும் வைத்துக்கொண்டார்.

அடுத்துவரும் காதைதான் என்னை ஒவ்வொரு முறையும் நிலைகுலையச் செய்வது. கொலைக்குப் பிறகு நூல் நேரே கண்ணகியிடம் செய்தியைக் கொண்டுபோகவில்லை. ஆயர் வீட்டுக்குத் திரும்புகிறது. குடத்தில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் வழிகிறது, ஆட்டுக்குட்டிகள் துள்ளாமல் கிடக்கின்றன, பசுக்களின் கழுத்து மணிகள் அறுந்து விழுகின்றன. ஏதோ தீங்கு வரப்போகிறது என்று மாதரி பயப்படுகிறாள். வரப்போவது அல்ல, நூலின் வரிசையில் அது வந்து முடிந்துவிட்டது. தீங்கு நீங்க, கண்ணகி பார்க்கும்படி குரவைக் கூத்து ஆடுவோம் என்கிறாள். ஏழு பெண்களுக்கு ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டி வட்டமாக நிறுத்தி, கண்ணனையும் நப்பின்னையையும் பாடி ஆடுகிறார்கள். தமிழில் எழுதப்பட்ட மிக இனிய பாடல்களில் சில இந்த இடத்தில் வருகின்றன. கண்ணகி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் காதையைக் கொலைக்கு முன்னால் வைத்திருந்தால் அது ஓர் அழகான இடைவேளையாக இருந்திருக்கும். பின்னால் வைத்ததால் ஒவ்வொரு தாளத்திலும் நமக்கு நெஞ்சு அடைக்கிறது. ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும். நாடக முரண் பெரும்பாலும் வசனத்தில் உருவாவதில்லை, காட்சிகளின் வரிசையில் உருவாகிறது. கூத்து முடிந்து மாதரி வையைக்கு நீராடப் போகிறாள். ஊருக்குள் செய்தி கேட்ட ஒருத்தி ஓடி வருகிறாள், வந்தும் சொல்ல வாய் வராமல் நிற்கிறாள். கண்ணகிதான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிட்டால் வழக்குரை காதையில் நமக்குப் புதிதாக என்ன இருக்கும்? இளங்கோ ஒன்றை மட்டும் மறைத்து வைத்திருந்தார். யார் திருடன் என்பது நமக்குத் தெரியும், அதை எப்படி நிரூபிப்பது என்பது தெரியாது. இரண்டு சிலம்புகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன, சாட்சி இல்லை, கணவன் உயிரோடு இல்லை. என் சிலம்பில் மாணிக்கப் பரல் என்கிறாள் கண்ணகி, எங்களுடையதில் முத்து என்கிறான் அரசன். உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. ரகசியம் தெரிந்த வாசகருக்கும் அந்த நொடி வியப்புத்தான்.

2015இல் வந்த 'பாபநாசம்' படத்தைப் பார்த்தவர்கள் இதே கணக்கை அங்கே காணலாம். ஜீத்து ஜோசப் 2013இல் மலையாளத்தில் எடுத்த 'த்ரிஷ்யம்' படத்தைத் தமிழில் அவரே இயக்கினார். அந்த வீட்டில் இளைஞன் எப்படி இறந்தான் என்பது நமக்குத் தெரியும். காவல்துறைக்குத் தெரியாது. சுயம்புலிங்கம் குடும்பம் சொல்லும் ஒவ்வொரு பதிலையும் உண்மை தெரிந்த பதற்றத்தோடு கேட்கிறோம். ஆனால் உடல் எங்கே இருக்கிறது என்ற ஒரே ஒரு தகவலை இயக்குநர் கடைசிவரை நம்மிடமும் சொல்லவில்லை. எல்லாம் நமக்குத் தெரியும் என்று நம்பவைத்துவிட்டு, நாமும் அறியாதவர் வரிசையில்தான் இருந்தோம் என்று முடிவில் காட்டுகிறார்.

கதை எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொலைக்களக் காதையையும் ஆய்ச்சியர் குரவையையும் துன்பமாலையையும் ஒரே அமர்வில், அந்த வரிசையிலேயே படியுங்கள். பாடநூல்கள் பெரும்பாலும் வழக்குரை காதையை மட்டும் தனியே எடுத்துத் தருகின்றன, நீதி கேட்கும் பெண்ணை மட்டும் நாம் பார்க்கிறோம். அதற்கு முன் கணவன் இறந்தது தெரியாமல் குரவைக் கூத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவளையும் பார்த்துவிட்டு அவையில் அவளைச் சந்தியுங்கள்.